லாதி பாவ்: மேல்பக்கம் மெத்தென்று வர என்ன வழி?

தட்டில் பாவின் மேல்தோல் மட்டும் மிச்சம் இருந்தது. உள்ளே இருந்த வெள்ளைப் பகுதியைப் பிய்த்து, டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, பழுப்பான மேல்பக்கத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார் மாமனார். வயது எழுபத்தாறு. கீழ்வரிசையில் நாலு பல்தான் பாக்கி.

“எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டாள் மருமகள்.

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். தட்டு வேறு பதில் சொன்னது.

மும்பை தாராவியில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு, சொந்த ஊரான திருநெல்வேலிக்கே திரும்பிவிட்ட குடும்பம் அது. அங்கே இருந்தவரை காலையில் அவருக்கு ஒரு டம்ளர் டீயும் இரண்டு பாவும் போதும். இங்கே பேக்கரியில் பன் கிடைக்கிறது. ஆனால் அது இனிப்பு பன். “டீயே இனிப்பு, அதுல முக்குத பன்னும் இனிப்புன்னா எப்படிம்மா?” என்று ஒருநாள் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் மருமகள் வீட்டு ஓ.டி.ஜி-யில் பாவ் போட ஆரம்பித்தாள். முதல் தடவை வந்ததுதான் மேலே சொன்ன கதை. உள்ளே பஞ்சு, மேலே அட்டை.

வீட்டில் பாவ், டின்னர் ரோல் செய்கிற பலருக்கும் இதே பிரச்னைதான். மாவு நன்றாக உப்பியிருக்கும், உள்ளேயும் வெந்திருக்கும். மேல்பக்கம் மட்டும் விறைத்துப்போகும். அது ஏன் என்று தெரிந்துவிட்டால், சரி செய்வது சுலபம்.

மேல்பக்கம் மட்டும் ஏன்?

ரொட்டியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்து வந்ததுதான் ‘பாவ்’ என்ற பெயர். போர்த்துகீசியர்கள் ஆண்ட கோவாவில் இன்றும் விறகு அடுப்பில் பாவ் சுடுகிறார்கள். அதில் மொறுமொறுவென்ற தோல் உள்ள வகைகளும் உண்டு. மும்பையில் வடா பாவுக்கும் பாவ் பாஜிக்கும் கிடைப்பது மெத்தென்ற ‘லாதி பாவ்’. ஒரே தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டி வெந்து, பலகை போல ஒரே துண்டாக வெளியே வரும். வேண்டியதைப் பிய்த்துக் கொடுப்பார்கள்.

இப்படி ஒட்டி வேகவைப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. பக்கவாட்டில் பாவும் பாவும் தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே ஈரம் வெளியேற வழி இல்லை. அதனால் அங்கே தோல் கட்டுவதில்லை, பஞ்சாகவே இருக்கிறது. அனல் காற்று நேரடியாகப் படுவது மேல்பக்கத்தில் மட்டும்தான். மாவின் மேற்பரப்பில் உள்ள ஈரம் காய்ந்தால்தான் அது தோலாக மாறும். எவ்வளவு நேரம் காய்கிறதோ, அவ்வளவு தடிமனான தோல்.

ஆக, மேல்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும் என்றால், அங்கே உள்ள ஈரத்தை மூன்று கட்டங்களில் காப்பாற்ற வேண்டும். அடுப்புக்குள் போகும் முன், உள்ளே இருக்கும்போது, வெளியே எடுத்த பிறகு. மருமகள் முதல் தடவை இந்த மூன்றிலும் தவறியிருந்தாள்.

முதல் இரண்டு தடவை நடந்தது

முதல் தடவை, உருட்டி வைத்த மாவை மூடாமல் ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் மேலே பாலாடை போல ஒரு காய்ந்த தோல் படிந்துவிட்டது. அடுப்பில் உப்பும்போது அந்தத் தோல் விரியாமல் அங்கங்கே வெடித்தது. அடுத்து, ‘மெதுவாக வேகவைத்தால் மெத்தென்று வரும்’ என்று நினைத்து 160 டிகிரி வைத்தாள். நிறம் வருவதற்கே 35 நிமிடம் ஆகிவிட்டது. அத்தனை நேரமும் மேல்பக்கம் காய்ந்துகொண்டே இருந்தது. எடுத்த பிறகும் திறந்தபடியே ஆறவிட்டாள்.

இரண்டாவது தடவை நேர் எதிர். 230 டிகிரி வைத்து, தட்டை மேல் அடுக்கில் தள்ளினாள். எட்டாவது நிமிடத்திலேயே மேலே கருக ஆரம்பித்தது. பயந்துபோய் 12 நிமிடத்தில் எடுத்துவிட்டாள். நடுவில் இருந்த பாவைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு, விரலில் பசையாக ஒட்டியது.

மறுநாள் பால் வாங்கப் போனபோது, பக்கத்துத் தெரு பேக்கரி மாஸ்டரிடமே கேட்டுவிட்டாள். “அண்ணாச்சி, உங்க பன்னு மட்டும் எப்படி மேல மெத்துனு இருக்கு?”

அவர் சிரித்தார். “பன்னுக்கு நல்ல சூடு வேணும், நேரம் கம்மியா வேணும் தங்கச்சி. ஆனா சூடு மேல இருந்து மட்டும் விழக்கூடாது, சுத்தி வரணும். வெளிய எடுத்ததும் எண்ணெய் தடவுதோம்லா, அதை எல்லாரும் பளபளப்புக்குன்னு நினைக்காங்க. மெத்துனு இருக்கவும் அதான் காரணம். அது சரி, உங்க அடுப்புல 160-ன்னு வச்சா 160 இருக்கான்னு பாத்தியளா?”

அவள் பார்த்ததில்லை. அன்றே ஓவனுக்குள் வைக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாள். திருகில் 190 வைத்து, இருபது நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முள் 170-ல் நின்றது. அவளுடைய ஓ.டி.ஜி இருபது டிகிரி குறைவாகவே சூடாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை 160 என்று நினைத்தது உண்மையில் 140. வீட்டு ஓ.டி.ஜி-களில் இந்த வித்தியாசம் சகஜம். சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கும். சமையல் குறிப்பில் உள்ள டிகிரியை நம்பி மட்டும் பாவ் போட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒன்பது பாவுக்கு அளவு

எட்டு அங்குல சதுர டின் ஒன்றுக்கு:

- மைதா – 300 கிராம் (சுமார் இரண்டரை கப்)
- காய்ச்சி ஆறவைத்த பால் – 190 மி.லி.
- சர்க்கரை – 2 டேபிள்ஸ்பூன்
- இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – ஒன்றரை டீஸ்பூன்
- உப்பு – 1 டீஸ்பூன்
- மிருதுவான வெண்ணெய் – 30 கிராம்
- தடவுவதற்கு – 1 டேபிள்ஸ்பூன் பால், 1 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய்

சர்க்கரை இரண்டு ஸ்பூன் இருந்தாலும் பாவ் இனிக்காது. மேலே நிறம் சீக்கிரம் வரவும் ஈரம் தங்கவும் அது உதவுகிறது. சர்க்கரையை அடியோடு விட்டால் நிறம் வரத் தாமதமாகும், அதற்குள் தோல் தடித்துவிடும்.

பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். விரலை விட்டால் சுடக்கூடாது. சூடான பாலில் ஈஸ்ட் செத்துவிடும். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் கலந்து, பாலை ஊற்றிப் பிசைய வேண்டும். மாவு ஒன்றுசேர்ந்த பிறகு வெண்ணெயைச் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும்.

சப்பாத்தி பிசைந்து பழகிய கைக்கு இங்கே ஒரு சோதனை வரும். மாவு கையில் ஒட்டும். உடனே இன்னும் கொஞ்சம் மைதா தூவத் தோன்றும். தூவினால் பாவ் கெட்டியாகிவிடும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, தொட்டால் லேசாக ஒட்டும் பதம்தான் சரி. பிசையப் பிசைய ஒட்டுவது தானாகக் குறையும். ஒரு சிறு உருண்டையை எடுத்து நான்கு பக்கமும் மெதுவாக இழுத்தால், கிழியாமல் மெல்லிய தாளாக விரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் சில நிமிடம் பிசைய வேண்டும்.

மூடி வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காக உப்பிவிடும். லேசாக அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு, ஒன்பது சமபாகங்களாகப் பிரித்து உருட்ட வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம் வரும். மேல்பக்கம் இழுத்துக் கட்டியது போல வழுவழுப்பாக இருக்கட்டும். வெண்ணெய் தடவிய டின்னில், மூன்று வரிசையாக, இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். உப்பும்போது அவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

அடுப்புக்குள் போகும் முன்

இரண்டாவது முறை உப்புவதற்கு 30 முதல் 35 நிமிடம் ஆகும். முதல் தடவை தவறிய இடம் இதுதான். நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் டின்னை மூடி, ஃபேன் காற்று படாத இடத்தில் வைக்க வேண்டும். துணி மாவைத் தொடாமல், டின்னின் விளிம்பில் நிற்கட்டும்.

போதுமான அளவு உப்பியதா என்று பார்க்க, மாவு தொட்ட விரலால் ஓரத்தில் லேசாக அழுத்த வேண்டும். குழி உடனே மேலே வந்துவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மட்டும் எழும்பினால் சரியான நேரம். எழும்பாமல் அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. உடனே அடுப்பில் வைத்தாக வேண்டும்.

இருபது நிமிடம் ஆனதுமே ஓவனைச் சூடேற்றத் தொடங்கிவிட வேண்டும். மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் எரிய, குறைந்தது 15 நிமிடம்.

அடுப்பில் வைக்கும் கணத்தில்தான் பால் தடவ வேண்டும். மென்மையான பிரஷால், உப்பிய மாவு அமுங்காமல், ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். பால் வழிந்து இடுக்குகளில் தேங்கினால் அங்கே பிசுபிசுத்துவிடும்.

பால்தான் தடவ வேண்டுமா, முட்டை கூடாதா? மருமகளுக்கும் இதே சந்தேகம். மூன்றாவது தடவை ஒரே டின்னில் சோதித்துப் பார்த்தாள். முதல் வரிசைக்குப் பால். இரண்டாவது வரிசைக்கு அடித்த முட்டை. மூன்றாவது வரிசைக்கு எதுவும் இல்லை. வெந்து வந்தபோது முட்டை தடவிய வரிசைதான் அழகு. பளபளவென்று, கடையில் வாங்கியது போல் இருந்தது. ஆனால் விரலால் தொட்டால் மெல்லிய தாள் ஒட்டியது போல் விறைப்பாக இருந்தது. எதுவும் தடவாத வரிசை வெளிறி, மாவு படிந்தது போல் வறண்டிருந்தது. பால் தடவிய வரிசை வெளிர் பழுப்பு நிறத்தில், பளபளப்பு குறைவாக, தொட்டதும் அமுங்கியது.

பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் குறைந்த நேரத்திலேயே நிறம் தருகின்றன. முட்டை வெந்து ஒரு படலமாக இறுகிவிடுகிறது. பார்வைக்கு முட்டை, மெத்தென்று இருக்கப் பால் என்று அவள் முடிவு செய்தாள்.

உள்ளே: 190 டிகிரி, 17 நிமிடம்

பாவுக்கு ஓவனின் உண்மையான சூடு 190 டிகிரி செல்சியஸ் இருந்தால் 16 முதல் 18 நிமிடத்தில் வெந்துவிடும். மருமகளின் ஓவன் இருபது டிகிரி குறைவு என்பதால் அவள் திருகை 210-ல் வைத்தாள். உள்ளே ஃபேன் ஓடும் கன்வெக்‌ஷன் வகை என்றால், காற்று சீக்கிரம் காயவைத்துவிடும். அதற்கு 170 டிகிரி போதும்.

தட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சிறிய ஓ.டி.ஜி-யில் மேல் ராடு மிக அருகில் இருக்கும். அதோடு பாவ் உள்ளே போனதும் இன்னும் ஒரு அங்குலம் எழும்பும். அதனால் டின்னின் அடியை நடு அடுக்கில் வைப்பதைவிட, அதற்குக் கீழ் அடுக்கில் வைத்து, பாவின் மேல்பக்கம் ஓவனின் நடுவில் வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. பத்தாவது நிமிடத்தில் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அதற்குள் மேலே பழுப்பாகிவிட்டால், அலுமினியம் ஃபாயிலை மேலே தொட்டும் தொடாமலும் மூடிவிட்டு மீதி நேரத்தைத் தொடரலாம். மாறாக, 18 நிமிடம் ஆகியும் வெளிறியே இருந்தால், நேரத்தை நீட்டிக்கொண்டே போகாமல், கடைசி இரண்டு நிமிடம் மேல் ராடை மட்டும் எரியவிடலாம். அடுத்த முறை சூட்டைப் பத்து டிகிரி கூட்ட வேண்டும். நிறத்துக்காக நேரத்தைக் கூட்டுவதுதான் பாவை அட்டையாக்குகிறது.

வெந்ததா என்று பார்க்க நடுவில் உள்ள பாவைத்தான் சோதிக்க வேண்டும். அதுதான் கடைசியாக வேகும். பக்கத்துப் பாவில் இருந்து லேசாகப் பிரித்துப் பார்த்தால், இடையில் நார் நாராக, உலர்ந்து பிரிய வேண்டும். ஈரமாகப் பளபளத்தாலோ ஒட்டினாலோ, ஃபாயில் மூடி இன்னும் இரண்டு நிமிடம் வைக்கலாம். உள்ளே குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால், நடுவில் 90 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும்.

வெளியே எடுத்த ஐந்து நிமிடம்

அடுப்பில் இருந்து எடுத்ததும் மேல்பக்கத்தைத் தட்டினால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். பலரும் இங்கே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பாவ் மெத்தென்று ஆவது இனிமேல்தான்.

டின் கீழே வைத்த உடனே, சூடு குறையும் முன், உருக்கிய வெண்ணெயை மேலே முழுக்கத் தடவ வேண்டும். சூட்டில் வெண்ணெய் அந்த மெல்லிய தோலுக்குள் இறங்கி அதை நெகிழ வைக்கும். ஆறிய பிறகு தடவினால் மேலேயே நின்று பிசுபிசுக்கும், உள்ளே இறங்காது.

அடுத்து, உலர்ந்த, சுத்தமான பருத்தித் துண்டால் டின்னோடு மூடிவிட வேண்டும். பாவின் உள்ளே இருந்து ஆவி வெளியே வந்துகொண்டே இருக்கும். திறந்து வைத்தால் அது காற்றில் போய்விடும். துண்டு போட்டால் அது மேல்தோலிலேயே தங்கி, தோலை ஈரமாக்கி மெத்தென்று ஆக்கும். துண்டு பருத்தியாக இருப்பதால் அதிகமான ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தட்டு போட்டோ பிளாஸ்டிக் கவர் போட்டோ மூடினால் நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டி, மேலே நசநசத்துவிடும்.

ஐந்து நிமிடம் கழித்து, பாவ் மொத்தத்தையும் டின்னில் இருந்து எடுத்துக் கம்பி வலையில் வைக்க வேண்டும். டின்னிலேயே விட்டால் அடிப்பக்கம் வியர்த்து ஈரமாகிவிடும். வலையில் வைத்த பிறகும் துண்டை மறுபடி போர்த்தி, இருபது நிமிடமாவது விட வேண்டும். சூடாக இருக்கும்போது கத்தியால் வெட்டினால் உள்பக்கம் அமுங்கிப் பிசைந்துபோகும்.

மூன்று வரிசைச் சோதனையின்போது மருமகள் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாவை மட்டும் வெண்ணெய் தடவாமல் விட்டு, துண்டு போடாமல் தனியே ஆறவைத்தாள். பால் தடவிய வரிசையில் இருந்து எடுத்ததுகூட அரை மணி நேரத்தில் விறைத்திருந்தது. அதே வரிசையில் வெண்ணெய் தடவி மூடி வைத்த இரண்டும் விரல் பட்டதும் அமுங்கி எழுந்தன. மாவு ஒன்று, சூடு ஒன்று, நேரமும் ஒன்று. வெளியே எடுத்த பிறகு செய்ததில்தான் வித்தியாசம்.

மறுநாளுக்கு

நன்றாக ஆறிய பிறகு, சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியிலேயே வைக்கலாம். ஃப்ரிட்ஜின் சாதாரண அறையில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் ரொட்டி வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதற்கு மேல் வேண்டும் என்றால், முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

மறுநாள் பாவ் பாஜிக்கு என்றால், குறுக்கே பிளந்து தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுப் புரட்டினால் போதும். டீக்கு மெத்தென்று வேண்டும் என்றால், துணியில் சுற்றி இட்லிப் பானை ஆவியில் ஒரு நிமிடம் காட்டி எடுக்கலாம்.

நாலாவது தடவை ஒன்பது பாவுக்கும் பால் தடவி, 17 நிமிடத்தில் எடுத்து, வெண்ணெய் பூசித் துண்டு போர்த்தி வைத்தாள் மருமகள். மாமனார் டீயோடு வந்து உட்கார்ந்தார். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய் வேறு வேலை பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து எட்டிப் பார்த்தபோது, தட்டில் தோல் எதுவும் இல்லை. அவர் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

“இன்னொண்ணு எடுத்துக்கவா தாயி?” என்றார்.